பூட்டு போட்டும் காணாமல் போன ஆறு வரிகள்: ஒரு சம்பளக் கோப்பின் கதை

பேராக்கில் சுங்கை சிப்புட் பட்டணத்தில், கடை வரிசை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகம் இருக்கிறது. சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்கள் சிலவற்றுக்குச் சம்பளக் கணக்கு நிரல் எழுதித் தருகிறோம். மூன்று பேர்தான் வேலை. இபிஎப், சொக்சோ, குறைந்தபட்ச சம்பளம் போன்ற சட்டக் கணக்கெல்லாம் அக்கா பார்ப்பார். குலை எண்ணிக்கை, உதிரிப் பழம், தோட்டத்துக் கிராணி பதிவு செய்யும் திரைகள் எல்லாம் தம்பியின் பொறுப்பு. இருவருக்கும் பொதுவான ஒரே கோப்பு `payroll.py`. அந்த ஒரு கோப்பில் இரண்டு முறை நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் முறை, கோப்பின் பழைய பதிப்புகளைச் சேமித்துவைத்து, திருத்தும்போது கோப்பைப் பூட்டும் பழைய மையக் கருவி ஒன்றைப் பயன்படுத்தினோம். இரண்டாம் முறை, பூட்டாமல் இருவர் வேலையையும் பின்னால் இணைக்கும் கிட்.

முதல் நிகழ்வு 2022-இல். மே 1 முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,500 ரிங்கிட் ஆகப்போகிறது என்பதால், அதற்கான திருத்தத்தை அக்கா ஏப்ரல் 29, வெள்ளிக்கிழமை தொடங்கினார். எங்கள் கருவியில் ஒரு கோப்பைத் திருத்த வேண்டுமானால் முதலில் அதைப் பூட்ட வேண்டும். பூட்டியவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர்களுக்கு அது படிக்க மட்டும்தான். அக்கா பூட்டினார், பாதி எழுதினார், மடிக்கணினியை எடுத்துக்கொண்டு நோன்புப் பெருநாள் விடுமுறைக்குக் கெடாவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. மே மாதச் சம்பளம் ஜூனில்தான் போடப்படும். அவருக்கு அவசரமே இல்லை.

அவசரம் தம்பிக்கு வந்தது. மே 4 அன்று ஒரு தோட்டத்துக் கிராணி அண்ணன் கூப்பிட்டு, ஏப்ரல் சம்பளச் சீட்டில் உதிரிப் பழக் காசு சரியாக வரவில்லை என்றார். சம்பள மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது வேலைச் சட்டம். மே 7-க்குள் சரிசெய்ய வேண்டும். தம்பி கோப்பைத் திறந்தால் பூட்டு.

“அண்ணே, அக்கா பூட்டிட்டுப் போயிட்டாங்க. என்ன பண்றது?”

நிர்வாகி என்ற முறையில் அந்தப் பூட்டை உடைக்க எனக்கு உரிமை இருந்தது. உடைத்தால் அக்காவின் மடிக்கணினியில் இருக்கும் பாதி வேலை அந்தரத்தில் நிற்கும் என்று தயங்கினேன். “இப்போதைக்கு ஒரு நகல் எடுத்து அதுல திருத்தி சம்பளத்தைப் போட்டுடு. அக்கா வந்ததும் உள்ள வைக்கலாம்” என்றேன். தம்பி `payroll_baru.py` என்று நகல் எடுத்தான், திருத்தினான், சம்பளம் நேரத்துக்குப் போனது.

மே 9 அக்கா வந்தார், தன் வேலையை முடித்துக் கோப்பைத் திருப்பி வைத்தார், பூட்டு திறந்தது. மறுநாள் தம்பி முறைப்படி கோப்பைப் பூட்டினான், தன் நகலை அதன்மேல் வைத்தான், சேமித்தான். கருவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் அதற்குக் காரணமில்லை. பூட்டு அவன் கையில்தானே இருந்தது. அந்த நொடியில் அக்கா எழுதிய ஆறு வரிகள் கோப்பிலிருந்து போய்விட்டன.

ஜூன் முதல் வாரத்தில்தான் தெரிந்தது. மாதம் முழுக்க வேலைக்கு வந்தும் குலை குறைவாக இருந்ததால் 1,500-க்குக் கீழே வந்த அறுவடைக்காரர்களுக்கு, மீதித் தொகையைச் சேர்க்கும் வரி சீட்டிலேயே இல்லை. கிராணி அண்ணன் கண்ணில் பட்டதால் சம்பளம் கைக்குப் போகும் முன்னே நிறுத்தினோம்.

பூட்டு எதைத் தடுக்க வந்ததோ அதுவேதான் நடந்தது. ஒருவர் வேலையை மற்றவர் அறியாமல் அழிப்பதைத் தடுக்கத்தான் பூட்டு. ஆனால் பூட்டு வேலையைத் தடுப்பதில்லை, கோப்பை மட்டும்தான் தடுக்கிறது. சம்பள நாள் நெருங்கும்போது வேலை எப்படியாவது வழி கண்டுபிடிக்கும். அந்த வழி பெரும்பாலும் கருவியின் கண்ணுக்குத் தெரியாத ஒரு நகல். நகல் எடுத்த கணத்திலேயே இருவரும் ஒரே நேரத்தில் திருத்தத் தொடங்கிவிட்டார்கள். கருவிக்குத்தான் அது தெரியாது.

இதைச் சரிசெய்ய அன்றிரவு அக்காவும் தம்பியும் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர்களைத் திணறடித்தது ஒரே கேள்விதான். அக்காவின் கோப்பில் ஒரு வரி இருக்கிறது, தம்பியின் கோப்பில் இல்லை. அப்படியென்றால் அக்கா புதிதாகச் சேர்த்தாரா, தம்பி வேண்டுமென்றே நீக்கினானா? இரண்டு கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லவே முடியாது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முடியாது. ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் மற்றவரிடம் “இது நீ எடுத்ததா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பதில் மூன்றாவது கோப்பில் இருக்கிறது. இருவரும் கிளம்பிய இடம், அதாவது ஏப்ரல் 29 காலையில் இருந்த பதிப்பு. அதில் அந்த வரி இல்லையென்றால் அக்கா சேர்த்தது, இருந்தால் தம்பி நீக்கியது. மூவழி இணைப்பு என்பது இவ்வளவுதான். ஒவ்வொரு பகுதியையும் மூல பதிப்போடு ஒப்பிட வேண்டும். ஒருவர் மட்டும் மாற்றியிருந்தால் அந்த மாற்றத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இருவரும் ஒரே மாதிரி மாற்றியிருந்தாலும் சிக்கலில்லை. இருவரும் வெவ்வேறாக மாற்றியிருந்தால் மட்டும் மனிதரிடம் கேட்க வேண்டும், அதுதான் மோதல்.

பழைய கருவியின் வரலாற்றில் அந்த ஏப்ரல் பதிப்பு பத்திரமாகவே இருந்தது. பின்னாளில் கிட்டுக்கு மாறிய பிறகு, ஆவல் தாங்காமல் அந்த மூன்று கோப்புகளையும் எடுத்து இப்படி ஓட்டிப் பார்த்தேன்:

```
git merge-file -p thambi.py april29.py akka.py > payroll.py
```

நடுவில் இருப்பது மூலம். ஒரு மோதல்கூட இல்லாமல் அக்காவின் ஆறு வரிகளும் தம்பியின் திருத்தமும் சேர்ந்து வந்தன. அன்று இரவு மூன்று மணி நேரம் பார்த்த வேலை, கண் இமைக்கும் நேரத்தில். இருவரும் கோப்பின் வெவ்வேறு மூலையில்தான் வேலை செய்திருக்கிறார்கள். உண்மையில் அவர்களுக்குள் மோதலே இருந்ததில்லை. மோதலை உண்டாக்கியது பூட்டு.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1970-களின் எஸ்சிசிஎஸ், 1982-இல் வால்டர் டிக்கி உருவாக்கிய ஆர்சிஎஸ் ஆகிய இரண்டு பதிப்புக் கருவிகளும் பூட்டித் திருத்தும் பழக்கத்தில் வளர்ந்தவை. ஆர்சிஎஸ்ஸில் `co -l` என்று பூட்டோடு எடுத்தால்தான் எழுத முடியும். நெதர்லாந்தில் டிக் குரூன் தன் இரண்டு மாணவர்களோடு சேர்ந்து ஒரு சி மொழித் தொகுப்பி எழுதிக்கொண்டிருந்தார். மூவரும் வேலை செய்யும் நேரம் ஒத்துப்போகவில்லை. ஒருவர் பூட்டைத் திறக்கும்வரை மற்றவர் காத்திருப்பது நடக்காத காரியம். அதற்காக அவர் ஆர்சிஎஸ்ஸுக்கு மேல் எழுதி 1986-இல் வெளியிட்ட சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள்தான், பூட்டாமல் திருத்திப் பின்னால் இணைக்கும் சிவிஎஸ் கருவியின் தொடக்கம். எங்கள் மூன்று பேர் அலுவலகத்தின் பிரச்சினையும் அச்சு அசல் அதுதான். இது தெரிந்திருந்தும் பூட்டை வைத்திருந்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

அப்படியானால் மையக் கருவிகளிலேயே இணைப்பு வந்துவிட்டதே, பிறகு ஏன் பலர் இணைப்பு என்றாலே பயந்தார்கள்? காரணம் இணைக்கும் முறையில் இல்லை, இணைக்கும் நேரத்தில் இருக்கிறது. சிவிஎஸ்ஸிலும் அதற்குப் பின் வந்த சப்வெர்ஷனிலும் நீங்கள் திருத்தியிருக்கும்போது மற்றவர் அதே கோப்பை முந்திச் சேமித்துவிட்டால், உங்கள் சேமிப்பு ஏற்கப்படாது. முதலில் `update` செய்யச் சொல்லும். அது மற்றவரின் மாற்றங்களைக் கொண்டுவந்து, நீங்கள் இன்னும் எங்கும் சேமிக்காத வேலையின் மேலேயே கலக்கும். சப்வெர்ஷனில் மோதல் வந்தால் உங்கள் பழைய கோப்பு `.mine` என்ற பெயரில் பக்கத்தில் இருக்கும். மோதல் வராமல் சத்தமின்றிக் கலந்துவிட்டால் அதுவும் இல்லை. கலந்தது தப்பு என்று பின்னால் தெரிந்தாலும், கலப்பதற்கு முன் உங்கள் கோப்பு எப்படி இருந்தது என்பதற்கு வரலாற்றில் சாட்சி கிடையாது.

கிட் வரிசையை மாற்றியது. முதலில் உங்கள் வேலையை உங்கள் பக்கத்திலேயே கமிட் செய்கிறீர்கள், அதாவது வரலாற்றில் ஒரு பதிவாகச் சேமிக்கிறீர்கள். மற்றவரும் அப்படியே. இரண்டும் வரலாற்றில் நிரந்தரமாகப் பதிந்த பிறகுதான் இணைப்பு. இணைப்பே இரண்டு பெற்றோர் உள்ள தனிக் கமிட்டாகப் பதிகிறது. பொதுவான மூலம் எது என்று யாரும் தேட வேண்டாம், வரலாற்றிலிருந்து அதுவே கண்டுபிடிக்கும். `git merge-base` கேட்டால் சொல்லும். நடுவில் குழம்பினால் `git merge --abort`. இருவர் வேலையும் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும். தம்பி எடுத்த அந்த `payroll_baru.py` நகலும் உண்மையில் ஒரு கிளைதான். கிட் செய்தது அந்த நகலுக்கு ஒரு பெயரும், அது எங்கிருந்து பிரிந்தது என்ற நினைவும் கொடுத்ததுதான்.

இரண்டாம் நிகழ்வு 2025 நவம்பர். அந்நியத் தொழிலாளர்களுக்கும் இபிஎப் கட்டாயம் என்ற விதி அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து தொடங்கியது. தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. தோட்டங்களில் அறுவடைக்கு நிற்பவர்களில் நிறைய பேர் இந்தோனேசியா, வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் எங்களுக்கு இது பெரிய திருத்தம். அக்கா அதைத் தொட்டார். அதே வாரம் ஒரு தோட்டம் உதிரிப் பழத்தைக் கோணிக் கணக்கிலிருந்து கிலோ கணக்குக்கு மாற்றியது. தம்பி அதைத் தொட்டான். மறுபடியும் நவம்பர் 7 என்ற அதே கெடு.

இருவரும் தங்கள் தங்கள் கிளையில் முடித்தார்கள். திங்கட்கிழமை, நவம்பர் 3 அன்று அக்கா `git merge loose-kg` என்று கொடுத்தார். ஓரிடத்தில் நின்றது. நாங்கள் `merge.conflictStyle` அமைப்பை `diff3` என்று வைத்திருக்கிறோம், அதனால் மூலமும் நடுவில் தெரியும்:

```
<<<<<<< HEAD
    gross = w.bunches * RATE + w.loose * LOOSE
    epf = gross * (0.02 if w.foreign else 0.11)
||||||| 4f1c2ab
    gross = w.bunches * RATE + w.loose * LOOSE
    epf = 0 if w.foreign else gross * 0.11
=======
    gross = w.bunches * RATE + w.loose * LOOSE_KG
    epf = 0 if w.foreign else gross * 0.11
>>>>>>> loose-kg
```

(உண்மை நிரல் இபிஎப் அட்டவணையைப் பார்த்துத்தான் தொகை எடுக்கும். படிக்க எளிதாக இருக்க விழுக்காட்டோடு விட்டிருக்கிறேன்.)

இருவரும் ஒரே வரியைத் தொடவில்லை. அக்கா இரண்டாம் வரி, தம்பி முதல் வரி. ஆனாலும் நடுவில் மாறாத வரி ஒன்றுகூட இல்லாமல் அடுத்தடுத்து மாறியிருந்தால் கிட் தானாக முடிவெடுக்காது, கேட்கும். நடுப்பகுதியைப் பார்த்தால் பதில் அங்கேயே எழுதியிருக்கிறது. மேலே உள்ளதில் மூலத்திலிருந்து மாறியது இபிஎப் வரி, கீழே உள்ளதில் மாறியது உதிரிப் பழ வரி. ஆக இரண்டு மாற்றங்களும் வேண்டும். அக்கா அரை நிமிடத்தில் முடித்தார். மூலத்தைக் காட்டாத வழக்கமான வடிவத்தில் இருந்திருந்தால் மேலும் கீழும் இரண்டு வரியுமே வேறு வேறாகத் தெரியும், ஒரு பக்கத்தை மொத்தமாக எடுக்கும் சபலம் வரும். அப்படி எடுத்தால் 2022 மறுபடி நடக்கும். இந்த ஓர் அமைப்பை எல்லாரும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

சிக்கல் மோதல் வந்த இடத்தில் இல்லை. வராத இடத்தில் இருந்தது.

அக்காவின் கிளையில் இன்னொரு சின்ன விஷயமும் இருந்தது. மாதத்துக்கு 30 கோணிக்கு மேல் உதிரிப் பழம் பொறுக்கியவருக்கு 50 ரிங்கிட் ஊக்கத்தொகை, தோட்ட நிர்வாகம் கேட்டது. கோப்பின் அடியில், தம்பி தொடவே தொடாத பகுதியில், அவர் எழுதியிருந்த வரி:

```python
    if w.loose > 30:
        bonus += 50
```

தம்பியோ `w.loose` என்ற பெயரை அப்படியே வைத்துக்கொண்டு அதன் அளவை மட்டும் கிலோவாக மாற்றியிருந்தான். இரண்டு பகுதியும் தொலைவில் இருந்ததால் கிட் ஒன்றும் கேட்காமல் இணைத்தது. நிரலும் பிழையின்றி ஓடியது. இணைந்த நிரலில் 30 கிலோவுக்கு மேல் பொறுக்கியவருக்கெல்லாம் ஊக்கத்தொகை விழும்.

எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால், 2022-க்குப் பிறகு ஏற்படுத்திக்கொண்ட ஒரு வழக்கத்தால். ஒவ்வோர் இணைப்புக்குப் பின்னும் போன மாதத் தரவைப் புது நிரலில் ஓட்டி, பழைய சீட்டோடு ஆள் ஆளாக ஒப்பிடுவோம். மாறிய ஒவ்வொரு தொகைக்கும் ஒரு காரணம் சொல்ல முடிய வேண்டும். அந்நியத் தொழிலாளர் சீட்டில் 2 விழுக்காடு குறைந்தது, சரி. ஆனால் உதிரிப் பழத்தைக் கிலோவாக மாற்றி ஓட்டியதில் கிட்டத்தட்ட எல்லார் சீட்டிலும் 50 ரிங்கிட் கூடியிருந்தது. அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே, “தம்பி, லூஸ் இப்ப கோணியா கிலோவா?” என்றார். அவன் முகம் மாறியதிலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது.

திருத்தம் எளிது. பெயரை `w.loose_kg` என்று மாற்றினோம். இனி பழைய பெயரை நம்பி எழுதிய எந்த வரியும் அந்த வரிக்கு வந்ததும் நிரலை நிறுத்திவிடும், அமைதியாகத் தப்புக் கணக்குப் போடாது. ஒரு பொருளின் அர்த்தம் மாறினால் பெயரையும் மாற்றுவது, இணைப்பை நம்பி வாழ்பவர்களுக்குக் கட்டாயம்.

பூட்டு இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று ஒரு நண்பர் வாதிட்டார். பாதி உண்மை. அக்கா முடித்த பிறகு தம்பி அதே கோப்பைத் திறந்திருந்தால் ஊக்கத்தொகை வரி அவன் கண்ணில் பட்டிருக்கலாம். ஆனால் பூட்டுக்குக் கோப்பின் எல்லை மட்டும்தான் தெரியும். `w.loose`-இல் எண்ணை நிரப்புவது கிராணி பதிவுத் திரையின் கோப்பு, `entry.py`. அளவு கோணியிலிருந்து கிலோவுக்கு மாறியது உண்மையில் அங்கேதான். அக்கா `payroll.py`-ஐப் பூட்டியிருக்கும்போதே தம்பி `entry.py`-ஐப் பூட்டி மாற்றியிருக்க முடியும். இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு பூட்டு இருக்கும், இருவரும் பாதுகாப்பாக இருப்பதாக நினைப்பார்கள், அதே 50 ரிங்கிட் தப்பும் வரும். அர்த்தத்தில் வரும் மோதலைப் பூட்டும் பிடிக்காது, இணைப்பும் பிடிக்காது. சோதனைதான் பிடிக்கும். வித்தியாசம் என்னவென்றால், கிட்டில் இணைப்பு ஒரு தனிக் கமிட்டாக இருந்ததால், இரு கிளைகளையும் தனித்தனியே ஓட்டி இரண்டும் தனியாகச் சரி, சேர்ந்தால்தான் தப்பு என்று பத்து நிமிடத்தில் உறுதிசெய்ய முடிந்தது.

இணைப்பு சரிப்படாத இடமும் உண்டு. வரி வரியாகப் பிரிக்க முடியாத கோப்பில் மூவழி ஒப்பீடு எடுபடாது. தோட்டம் அனுப்பும் எக்செல் விலைப் பட்டியல், சின்னங்களின் படங்கள் இவற்றில் இருவர் கை வைத்தால் ஒருவர் வேலை போயே தீரும். சப்வெர்ஷன் இணைப்பையே அடிப்படையாகக் கொண்ட கருவி, அதுவும் 2005-இல் 1.2 பதிப்பில் விருப்பப்பட்டால் பூட்டும் வசதியைச் சேர்த்தது இதற்காகத்தான். பெரிய கோப்புகளுக்கான கிட் எல்எஃப்எஸ்ஸிலும் `git lfs lock` இருக்கிறது. உரைக் கோப்பிலும் ஒரு கண்ணி உண்டு. தம்பியின் எடிட்டர் ஒருமுறை வரி முடிவுக் குறிகளை விண்டோஸ் வகையிலிருந்து லினக்ஸ் வகைக்கு மாற்றிவிட்டது. கண்ணுக்கு எதுவும் மாறவில்லை, ஆனால் `git diff --stat` முழுக் கோப்பும் மாறியதாகக் காட்டியது. அந்த நிலையில் இணைத்திருந்தால் அக்கா தொட்ட இடமெல்லாம் மோதலாக வந்திருக்கும். அன்றே `.gitattributes` கோப்பில் `* text=auto` சேர்த்து, `git add --renormalize .` ஓட்டிக் கமிட் செய்தோம்.

எக்செல் பட்டியலை இன்றும் பூட்டித்தான் திருத்துகிறோம். யார் கையில் இருக்கிறது என்று அக்கா வெள்ளைப் பலகையில் எழுதிவைப்பார். விடுமுறைக்குக் கிளம்பும் முன் அந்தப் பெயரை அழித்துவிட்டுத்தான் படி இறங்குவார்.